18-க்குப் பதில் 20 வருவது ஏன்?

"தருமபுரியில் மூன்றாம் ஆண்டு வேதியியல் படிக்கிறேன். ஆக்சிஜனேற்றச் சேர்க்கைக்குப் பிறகு எண்ணினால் எனக்கு 20 எலக்ட்ரான் வருகிறது. எங்கே தப்பு?"

வாஸ்கா அணைவையே எடுத்துக்கொள்ளுங்கள்: IrCl(CO)(PPh₃)₂. இரிடியம் +1, அதாவது d⁸. நான்கு ஈனிகளும் தலா 2 தருவதால் 8 + 8 = 16. சதுரத் தளத்துக்கு மேலும் கீழும் இடம் காலி.

H₂ வந்ததும் H–H பிணைப்பு முறிந்து, இரண்டு ஹைட்ரைடுகள் சிஸ் நிலையில் அமர்கின்றன. நீங்கள் அவற்றை H⁻ என்று எண்ணி 4 கூட்டிவிட்டு, இரிடியத்தை +1 ஆகவே விட்டிருப்பீர்கள். இங்கே நான் திருத்தும் விடைத்தாள்களில் பலவற்றில் இதே கதைதான். ஹைட்ரஜனை ஹைட்ரைடாக்க 2 எலக்ட்ரான் கொடுத்ததே உலோகம்தானே? அது இப்போது +3, d⁶. ஆகவே 6 + 12 = 18.

அப்புறம், ஏற்கெனவே 18 உள்ள அணைவு H₂-வை இப்படி நேராகச் சேர்க்காது. முதலில் ஓர் ஈனியைக் கழற்றி 16-க்கு இறங்க வேண்டும்.