ஆயில் இன்ஜினா, கரண்டு மோட்டாரா: மலைக்கிராம மாவு மில்லுக்கு ஒரு கணக்கு

*ஐயா, ஏற்காடு மலையில் மாரமங்கலம் பக்கம் மாவு மில் வைத்திருக்கிறேன். அப்பா காலத்து 10 எச்.பி. ஆயில் இன்ஜினில் கல் மில் ஓடுகிறது. ராகி, அரிசி, மிளகாய் சேர்த்து நாளுக்கு 120 கிலோ அரைபடும். டீசல் மூன்றேகால் லிட்டர் போகிறது. இப்போது மூன்று பேஸ் லைன் பக்கத்தில் வந்துவிட்டது. மோட்டார், ஸ்டார்ட்டர், வயரிங், டெபாசிட் எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றினால் கட்டுமா?*

கட்டும். ஆனால் இன்ஜினை விற்றுவிடாதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் அந்த மூன்றேகால் லிட்டரைப் பார்ப்போம்.

நல்ல நிலையில் உள்ள சிறிய ஆயில் இன்ஜின், ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் கொடுக்க ஏறக்குறைய கால் லிட்டர் டீசல் குடிக்கும். ராகி அரைக்கும்போது உங்கள் கல் 8 எச்.பி. இழுக்கிறது, மணிக்கு 100 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 2 லிட்டர் ஆகும். 120 கிலோவுக்கு 2.4 லிட்டர் போதும். மீதி முக்கால் லிட்டருக்கு மேல் எங்கே போனது?

அது மாவாகவே ஆகவில்லை. மூன்று கிலோ ராகியோடு ஒரு அம்மா வருவார், அரைத்து முடிப்போம். அடுத்தவர் வரப் பத்து நிமிஷம் ஆகும். திரும்பக் கைப்பிடி போட்டுச் சுற்ற அலுப்பாக இருக்கும் என்று இன்ஜினை ஓடவிடுவோம். கல் வெறுமனே சுற்றினாலும் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் எரியும். கிராமத்து மில்லில் டீசல் நஷ்டம் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. நீங்களே அளந்து பார்க்கலாம். காலையில் டேங்க்கை ஒரு குறிவரை நிரப்புங்கள். 50 கிலோ மூட்டை ஒன்றை நிறுத்தாமல் அரைத்துவிட்டு, அளவு பாட்டிலால் அதே குறிவரை திரும்ப ஊற்றுங்கள். ஒரு லிட்டருக்குள் நிரம்பினால் இன்ஜின் மேல் குறையில்லை. ஒன்றேகாலைத் தாண்டினால் நாசிலையோ, கல்லையோ பார்க்க வேண்டும். கல் மழுங்கியிருந்தால் மாவு கையைச் சுடும். அப்போது கல் கொத்தினாலே செலவு இறங்கும். கரண்டுக்கு மாறினாலும் இதே கதைதான்.

மலையில் இன்னொரு விஷயம் உண்டு. ஏற்காடு டவுன் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால், டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு சதவீதம் சக்தி இழக்கும். சேலத்தில் 10 எச்.பி. கொடுப்பது உங்கள் ஊரில் எட்டரை, எட்டேமுக்கால்தான். சக்தி போதவில்லை என்று பம்ப்பைத் திருகி டீசலைக் கூட்டினால் கரும்புகைதான் வரும், மாவு கூடாது. மோட்டாருக்கு இந்தச் சிக்கல் இல்லை. குளிர்ச்சி மட்டும் கொஞ்சம் குறையும், உங்கள் ஊர்க் குளிரில் அது ஒரு பொருட்டே இல்லை.

இப்போது மோட்டார் கணக்கு. அதே 8 எச்.பி. வேலைக்கு, மோட்டாரின் இழப்பையும் சேர்த்து மணிக்கு 7 யூனிட் போகும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 56 ரூபாய். டீசல் லிட்டர் 93 ரூபாய் என்றால் அதே ஒரு மணி நேரத்துக்கு 186 ரூபாய். கிலோவுக்குச் சொன்னால், கரண்டில் 56 பைசா, டீசலில் ஒரு ரூபாய் 86 பைசா.

நாள் கணக்கில் வைத்துப் பாருங்கள். உங்கள் மூன்றேகால் லிட்டருக்கு 302 ரூபாய். மோட்டாரில் 120 கிலோவுக்கு 67 ரூபாய், நடுவில் வெறுமனே ஓடியதற்கு ஒரு எட்டு ரூபாய். மாத நிலைக்கட்டணத்தைத் தாராளமாக 700 என்று எடுத்து 26 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 27. ஆக 102 ரூபாய். மிச்சம் நாளுக்கு 200, மாதம் 5,200. இன்ஜின் ஆயில், பில்டர் செலவைச் சேர்க்காமலே 85,000 பதினாறு, பதினேழு மாதத்தில் திரும்பிவிடும். இன்னொன்று, உங்கள் ஓட்டத்துக்கு இரண்டு மாதத்தில் 500 யூனிட்டை ஒட்டித்தான் வரும். 12 கிலோவாட்டுக்குள் உள்ள குறுந்தொழிலுக்கான 3-ஏ(1) பிரிவில் முதல் 500 யூனிட்டுக்கு விலை குறைவு. விண்ணப்பத்திலேயே அந்தப் பிரிவைக் கேளுங்கள். கடைக்கான வணிகப் பிரிவில் போட்டுவிட்டால் பின்னால் மாற்ற அலைய வேண்டும்.

ஆனால் இதே கணக்கு நாளுக்கு 40 கிலோ அரைப்பவருக்குச் சரிவராது. அவருக்கும் நிலைக்கட்டணம் அதே 27 ரூபாய். நாளுக்கு 50 ரூபாய்தான் மிஞ்சும், 85,000 திரும்ப ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும். கடன் வாங்கி அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அதே டிரான்ஸ்பார்மரில் மூன்று பேஸ் வைத்திருப்பவர் வீட்டில், சாயங்காலம் ஏழு மணிக்கு, பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். 415 இருக்க வேண்டிய இடத்தில் 340 காட்டினால், மோட்டாரின் இழுவிசை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். தானியம் நிறையப் போட்டதும் மோட்டார் திணறிச் சூடாகும். அப்படியானால் முதலில் லைன் கோளாறுக்கு மனு எழுதுங்கள், பிறகு மோட்டார் வாங்கலாம்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து ஒரு பேஸ் மட்டும் போவது உங்கள் பக்கம் சகஜம். மீதி இரண்டு பேஸில் மோட்டார் உறுமிக்கொண்டே எரியும். அதனால் ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் கட்டாயம் வேண்டும். மோட்டார் அளவுக்கு மேல் கரண்டு இழுத்தால் நிறுத்திவிடும் ரிலே எத்தனை ஆம்பியரில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் நீங்களே பாருங்கள். மலையில் ஒரு மில்லுக்கு, ஏழே மாதத்தில் காயில் கருகிய மோட்டாரைப் பார்க்கப் போனேன். பெயர்ப்பலகையில் 14 ஆம்பியர் என்றிருந்ததால் ரிலேயையும் 14-இலேயே வைத்திருந்தார்கள். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே வழக்கமாக மோட்டாரின் ஒரு காயிலோடு வரிசையில் இருக்கும், அதன் வழி லைன் கரண்டில் 58 சதவீதம்தான் போகும். 14-க்குப் பதில் 8-இல் வைத்திருக்க வேண்டும். ரிலே இருந்தும் இல்லாத கணக்காகிவிட்டது. ரீவைண்டிங் செலவு போக, பத்து நாள் மில் மூடிக்கிடந்தது.

அந்தப் பத்து நாளுக்காகத்தான் இன்ஜினை வைத்திருங்கள் என்றேன். கிலோவுக்கு 6 ரூபாய் கூலி என்றால், ஒரு நாள் மூடினால் 720 ரூபாய் வரவு போகிறது. டீசலில் ஓட்டினால் 300 ரூபாய் செலவோடு அந்த நாள் கைவிட்டுப் போகாது. இன்ஜின் இருக்கும் இடத்தை மாற்றாமல், மில்லின் மறுபக்கம் மோட்டாருக்கு மேடை கட்டுங்கள். மில்லின் சுற்று வேகம் மட்டும் மாறக்கூடாது. உங்கள் இன்ஜின் 650 சுற்றில் ஓடும் பழைய ரகமாக இருந்து, அதில் 20 அங்குல புல்லி இருந்தால், 1,440 சுற்று மோட்டாருக்கு 9 அங்குல புல்லி போடுங்கள். பெரிது போட்டால் கல் வேகமெடுத்து மாவு கருகும். ஒரு சமயத்தில் ஒரு பெல்ட் மட்டும்தான் மாட்டியிருக்க வேண்டும், வாரம் ஒரு தடவை இன்ஜினைப் பத்து நிமிஷம் ஓட்டி வையுங்கள்.