இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே ஒரு மறுபெயர்

ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, அதே ஆளை அல்லது பொருளை இன்னொரு பெயரால் சுட்டி, அந்த இரண்டாம் பெயரைக் காற்புள்ளிகளுக்குள் அடைக்கும் வழக்கம் தமிழ் உரைநடையில் கூடி வருகிறது. அது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. சுருக்கத்துக்காக அந்த இரண்டாம் பெயரை 'மறுபெயர்' என்றே குறிப்பிடுகிறோம்.

"என் தம்பி, குமார், நேற்று வந்தான்" என்று எழுதினேன். காற்புள்ளிகள் இரண்டும் தேவையில்லை என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

நண்பர் சொல்வதே சரி. "என் தம்பி குமார் நேற்று வந்தான்" என்றால் போதும். உறவுப்பெயரும் இயற்பெயரும் அடுத்தடுத்து நின்றாலே இரண்டும் ஒருவரைத்தான் குறிக்கின்றன என்பது தமிழில் தெரிந்துவிடும்.

தேவையில்லை என்பதோடு, அந்தக் காற்புள்ளிகளால் குழப்பமும் வரும். தமிழ் வாசகர் காற்புள்ளியைக் கண்டதும் இரண்டில் ஒன்றை எதிர்பார்க்கிறார். ஒன்று பட்டியல்: தம்பி, குமார், இன்னும் யாரோ. மற்றது விளி: "தம்பி, குமார் வந்தான்" என்றால் தம்பியிடம் குமார் வந்ததைச் சொல்வதாகிவிடும். 'வந்தான்' என்ற ஒருமை வினை பட்டியல் என்ற எண்ணத்தைக் கடைசியில் தடுத்துவிடும். ஆனால் "செயலாளர், புலவர், செல்வம் பேசினார்" போன்ற வாக்கியத்தில் அந்த உதவியும் பாதிதான் கிடைக்கும். 'பேசினார்' என்ற மரியாதை ஒருமை பழைய நடையில் பன்மைக்கும் வரும். மேடையில் பேசியவர் ஒருவரா மூவரா என்பதை வாசகர் ஊகிக்க வேண்டியதாகிறது.

ஆங்கிலத்தில் காற்புள்ளி இருந்தால் ஒரே தம்பி, இல்லாவிட்டால் பல தம்பிகளில் ஒருவன் என்ற வேறுபாடு உண்டல்லவா? மொழிபெயர்க்கும்போது அதை எப்படிக் காட்டுவது?

தமிழ்க் காற்புள்ளியால் அதைக் காட்ட முடியாது, சொல்லால்தான் காட்ட வேண்டும். ஒருவன்தான் என்றால் "என் ஒரே தம்பி குமார்". பலரில் ஒருவன் என்றால் "என் தம்பிகளில் ஒருவனான குமார்". அந்த எண்ணிக்கை கதைக்கோ செய்திக்கோ தேவைப்படாவிட்டால் "என் தம்பி குமார்" என்று விட்டுவிடலாம். பெரும்பாலும் தேவைப்படாது.

காற்புள்ளிகளுக்குள் இருப்பதை நீக்கிப் பார்த்து, மிச்சம் நிற்பது முழு வாக்கியமாக இருந்தால் சரி என்று படித்திருக்கிறேன். "சென்னையில், தமிழ்நாட்டின் தலைநகர், நேற்று மழை பெய்தது" இந்தச் சோதனையில் தேறுகிறது. ஆனாலும் காதுக்கு இடறுகிறதே?

இடறுவது நியாயம்தான். வாக்கியம் பிழை. நீக்கிப் பார்க்கும் சோதனை பாதிதான் வேலை செய்யும். சுற்றியுள்ள வாக்கியம் நிற்கிறதா என்று மட்டுமே அது சொல்லும். மறுபெயர் அந்த இடத்தில் பொருந்துகிறதா என்பதை அது சோதிப்பதில்லை.

அதற்கு வேறொரு சோதனை வேண்டும். முதற்பெயரை எடுத்துவிட்டு மறுபெயரை அதன் இடத்தில் வைத்துப் பாருங்கள்: "தமிழ்நாட்டின் தலைநகர் நேற்று மழை பெய்தது". உடனே குறை தெரிகிறது. 'சென்னையில்' என்பதில் ஏழாம் வேற்றுமை உருபு இருக்கிறது, 'தலைநகர்' உருபில்லாமல் வெறுமனே நிற்கிறது. காற்புள்ளி வேற்றுமை உருபின் வேலையைச் செய்யாது.

சரி, இரண்டுக்கும் உருபு கொடுத்தால்? "சென்னையில், தமிழ்நாட்டின் தலைநகரில், நேற்று மழை பெய்தது." இலக்கணம் நிற்கிறது. ஆனால் மழை இரண்டு இடங்களில் பெய்ததுபோல ஒலிக்கிறது. மேடைப்பேச்சில் அழுத்தத்துக்காக இப்படிச் சொல்லலாம், செய்தியில் வேண்டாம். இயல்பான வழி, மறுபெயரை முன்னே கொண்டுவந்து 'ஆன' சேர்ப்பது: "தமிழ்நாட்டின் தலைநகரான சென்னையில் நேற்று மழை பெய்தது." உருபு ஒன்றே, அது கடைசிப் பெயரில் ஏறுகிறது. காற்புள்ளிக்கு இடமே இல்லை.

உருபில்லாத எழுவாயாக இருந்தால் பிரச்சினை இல்லைதானே? நான் எழுதியது: "உ.வே.சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், 1855இல் உத்தமதானபுரத்தில் பிறந்தவர், 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார்."

பிரச்சினை இங்கேதான் பெரிது. வேற்றுமை உருபு இடறாததால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

தமிழில் இரண்டு பெயர்களை அடுத்தடுத்து வைத்தாலே ஒரு முழு வாக்கியம் ஆகிவிடும். "குமார் என் தம்பி" என்பதில் வினைச்சொல் கிடையாது, ஆனாலும் வாக்கியம் முடிந்துவிட்டது. இரண்டாவதாக வரும் பெயரே பயனிலையாகி முற்றுப்பெறுகிறது. ஆங்கிலத்தில் இந்த இடத்தில் 'இஸ்' போன்ற ஒரு வினை வந்தாக வேண்டும். அது இல்லாததால் அங்கே மறுபெயரைப் பயனிலையாக யாரும் படிக்கமாட்டார்கள். தமிழில் அந்தக் காப்பு இல்லை.

இப்போது உங்கள் வாக்கியத்தை வாசகர் படிக்கும் விதத்தைப் பாருங்கள். "உ.வே.சாமிநாதையர்" எழுவாய். அடுத்து ஒரு காற்புள்ளி; நீண்ட வாக்கியங்களில் எழுவாய்க்குப் பின் காற்புள்ளி இடுவது தமிழில் வழக்கம்தான் என்பதால் இதையும் அப்படியே எடுத்துக்கொள்கிறார். "மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்" என்றதும் வாக்கியம் முடிகிறது. "உத்தமதானபுரத்தில் பிறந்தவர்" என்று மறுபடி முடிகிறது. 'பதிப்பித்தார்' என்று மூன்றாம் முறை முடிகிறது. முற்றுப்புள்ளி விழ வேண்டிய இடங்களில் காற்புள்ளி போட்டு மூன்று வாக்கியங்களை ஒட்டியதாகத்தான் அது ஒலிக்கிறது. முதற்காற்புள்ளி மறுபெயரை ஒதுக்குவதற்குப் பதிலாக, அது பயனிலைதான் என்ற எண்ணத்தை வலுப்படுத்திவிடுகிறது.

திருத்தும்போது முதலில், முக்கிய வினையோடு தொடர்புள்ள மறுபெயர் எது என்று பிரியுங்கள். பதிப்புப் பணிக்கு ஆசிரியர் யார் என்பது தொடர்புடையது, பிறந்த ஊர் அப்படியல்ல. தொடர்புடையதை 'ஆன' சேர்த்து முன்னே வையுங்கள், மற்றதைத் தனி வாக்கியமாக்குங்கள்:

"மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரான உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர் உத்தமதானபுரத்தில் 1855இல் பிறந்தவர்."

எல்லாவற்றையும் முன்னே அடுக்கவும் ஆசை வரும்: "1855இல் உத்தமதானபுரத்தில் பிறந்த, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரான உ.வே.சாமிநாதையர்..." இது பிழையில்லை. ஆனால் பெயர் வரும்வரை யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல் வாசகர் காத்திருக்க வேண்டும். இரண்டு அடைமொழிகளுக்கு மேல் போனால் வாக்கியத்தை உடைப்பதே மேல். ஆண்டுகள் மட்டும் தர வேண்டுமானால் அடைப்புக்குறி போதும்: உ.வே.சாமிநாதையர் (1855–1942).

'ஆன', 'ஆகிய', 'என்ற' மூன்றில் எதை எங்கே?

வாசகருக்குப் பெயர் தெரிந்திருக்கும், கூடுதல் விவரம் தருகிறோம் என்றால் 'ஆன': "தலைநகரான சென்னை". பெயரையே அறிமுகம் செய்கிறோம் என்றால் 'என்ற' அல்லது 'என்னும்', அப்போது இயற்பெயர் முன்னே வரும்: "உத்தமதானபுரம் என்ற ஊரில்". "காந்தி என்ற தலைவர்" என்று எழுதினால் காந்தியை யாருக்கும் தெரியாது என்பதுபோல் ஆகிவிடும். 'ஆகிய' இன்றைய உரைநடையில் பட்டியலை முடிக்கத்தான் பெரிதும் வருகிறது: "சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களில்". ஒற்றை ஊருக்கு "மதுரை ஆகிய நகரில்" என்றால் மற்ற ஊர்கள் விடுபட்டுப்போனதுபோல் இருக்கும்.

'தலைநகரான, சென்னையில்' என்று நடுவில் காற்புள்ளி வைத்தும் சிலர் எழுதுகிறார்கள். பெயரெச்சத்தையும் அது தழுவும் பெயரையும் அப்படிப் பிரிக்கக் கூடாது.

பதவிப்பெயர் முன்னா, பின்னா? "அப்துல் கலாம், முன்னாள் குடியரசுத் தலைவர், கூறினார்" என்று எழுதலாமா?

"முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் கூறினார்" என்று எழுதுங்கள். அச்சோடு காற்புள்ளி தமிழுக்கு வருவதற்கு மிக முன்பே இந்த வரிசைக்கு விதி இருந்தது. "சிறப்பி னாகிய பெயர்நிலைக் கிளவிக்கும் இயற்பெயர்க் கிளவி முற்படக் கிளவார்" என்பது தொல்காப்பியம், சொல்லதிகாரம், கிளவியாக்கம். சிறப்புப் பெயருக்கு முன்னால் இயற்பெயரைச் சொல்லமாட்டார்கள் என்பது பொருள். நன்னூல் சற்றுத் தளர்த்தி, இயற்பெயர் "பின்வரல் சிறப்பே" என்கிறது.

அந்தத் தளர்வுக்கு இன்றைய வழக்கில் இடம் இருக்கிறது. "குமார் மாமா", "செல்வி டீச்சர்" என்று பெயருக்குப் பின்னால் உறவையும் தொழிலையும் சேர்க்கிறோம். இவை சரியே, காற்புள்ளி இல்லாதவரை. "குமார் மாமா வந்தார்" என்றால் வந்தவர் ஒருவர். "குமார், மாமா வந்தார்" என்றால் குமாரிடம் மாமா வந்த செய்தியைச் சொல்கிறோம். அழைப்பிதழிலும் முகவரியிலும் பெயர், அடுத்த வரியில் பதவி என்று வருவது வாக்கியம் அல்ல என்பதால் இந்தக் கணக்கில் சேராது.

அப்படியானால் மறுபெயரைச் சுற்றி இரட்டைக் காற்புள்ளி வரவே கூடாதா?

வரலாம். 'அதாவது' இருந்தால் அது இயல்பாகவே அமையும்: "ஆடிப்பெருக்கன்று, அதாவது ஆடி 18ஆம் நாளன்று, காவிரிக்கரையில் கூட்டம் கூடும்." பின்வருவது விளக்கம் என்பதை 'அதாவது' சொல்லிவிடுவதால் பயனிலை மயக்கம் எழாது. கவனிக்க வேண்டியவை இரண்டு. இரு பக்கமும் ஒரே ஈறு இருக்க வேண்டும். 'ஆடிப்பெருக்கன்று, அதாவது ஆடி 18' என்று விடக் கூடாது. விளக்கம் முடியும் இடத்தில் இரண்டாம் காற்புள்ளியை மறக்கக் கூடாது.

"கபிலர், பரணர், இருவரும் சங்கப் புலவர்கள்" என்பதில் 'இருவரும்' மறுபெயர்தானே?

மறுபெயர்தான், தமிழில் பெயருக்குப் பின்னால் தடையில்லாமல் வரும் வகை இது. ஆனால் 'பரணர்' என்பதற்குப் பின்னுள்ள காற்புள்ளியை எடுத்துவிடுங்கள்: "கபிலர், பரணர் இருவரும்". அந்தக் காற்புள்ளி இருந்தால் 'இருவரும்' பட்டியலின் மூன்றாவது உறுப்புபோல நிற்கும். "மாணவர்கள் அனைவரும்" என்பதும் இப்படியே. உருபு சேர்க்கும்போது அது தொகைச்சொல்லில் ஏறும், முன்னுள்ள பெயர்களில் அல்ல: "கபிலர், பரணர் இருவரையும் பாடத்தில் சேர்த்தார்கள்", "மாணவர்கள் அனைவருக்கும் புத்தகம் கொடுத்தார்கள்".