மொழிபெயர்ப்புக்கு விலை சொல்லும்போதே திருத்தத்துக்கும் எல்லை போடுங்கள்

“ஒரு கம்பெனி 12,000 வார்த்தை ஆங்கிலப் பணியாளர் கையேட்டைத் தமிழில் கேட்கிறது. வார்த்தைக்கு எவ்வளவு சொல்லலாம், எத்தனை நாள் கேட்கலாம்? திருத்தமும் செய்து தர வேண்டுமாம்.”

நடுவில் ஏஜென்சி இல்லாமல் நேரடியாகப் பேசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். முதலில், எந்த மொழியின் வார்த்தையை எண்ணப் போகிறீர்கள் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். மூல ஆங்கிலத்தைத்தான் எண்ண வேண்டும். அங்கே தனித்தனியாக நிற்கும் சின்னச் சொற்கள் தமிழில் உருபாக ஒட்டிக்கொள்வதால் எண்ணிக்கை நன்றாகவே குறையும்.

ஒரு தொழிற்சாலைக்கு இதே மாதிரி கையேடு செய்து கொடுத்தேன். பில் போனதும் கணக்குப் பிரிவில் தமிழ்க் கோப்பை எண்ணிப் பார்த்து, கால்வாசிக்கு மேல் குறைத்துத் தருகிறோம் என்றார்கள். ‘மூல ஆங்கில வார்த்தைக் கணக்கு, இணைத்த கோப்பின்படி’ என்று என் விலைக் கடிதத்தில் இருந்தது. அந்த ஒரு வரிதான் பணத்தைக் காப்பாற்றியது.

சரி, விலை. ஊரில் என்ன விலை போகிறது என்று கேட்டு அலைவதைவிட உங்கள் நாள் கணக்கிலிருந்து வாருங்கள். சிக்கலில்லாத கையேடு என்றால் ஒரு நாளைக்கு 1,800 வார்த்தை நிதானமாகச் செய்யலாம். 12,000 வார்த்தைக்கு ஏழு நாள். ஆங்கிலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் படிக்க இரண்டு நாள், சொற்பட்டியலுக்கும் சந்தேகம் கேட்கவும் ஒரு நாள், ஒரு சுற்றுத் திருத்தத்துக்கு ஒரு நாள். மொத்தம் பதினொன்று. நாளுக்கு 3,000 ரூபாய் வேண்டுமென்றால் 33,000; வார்த்தைக்கு 2 ரூபாய் 75 காசு. திருத்த நாள் விலைக்குள்ளேயே இருப்பதைக் கவனியுங்கள். ‘ஒரு ரூபாய்க்கே ஆள் கிடைக்கிறார்களே’ என்று இங்கேயே யாராவது எழுதுவார்கள். கிடைக்கலாம். அந்த விலையில் ஒப்பிட்டுப் படிக்கும் இரண்டு நாளுக்குக் கூலி எங்கிருந்து வரும் என்பதுதான் என் கேள்வி.

கெடு சொல்லும்போது முதல் ஒப்படைப்புக்கான பத்து நாளோடு இரண்டு நாள் சேர்த்து, ‘12 வேலை நாள்’ என்று சொல்லுங்கள். இறுதி ஆங்கிலக் கோப்பும் முன்பணமும் கைக்கு வந்த நாளிலிருந்துதான் அது தொடங்கும். அவர்கள் படித்துப் பார்க்க எடுக்கும் நாட்கள் உங்கள் கெடுவில் சேராது.

என் தொழிற்சாலைக் கதையில் பெரிய தலைவலி திருத்தம்தான். மனிதவள அதிகாரி மாற்றங்கள் அனுப்பினார், செய்து கொடுத்தேன். அப்புறம் ஆலை மேலாளர் அதில் பாதியைத் திருப்பி மாற்றச் சொன்னார். அதற்கும் பிறகு அவர்களுடைய வக்கீல் விடுப்பு அத்தியாயத்தின் ஆங்கிலத்தையே மாற்றிவிட்டார். ‘சின்ன மாற்றம்தான்’ என்று முழுக் கோப்பும் புதிதாக வந்தது. எங்கே மாறியது என்று குறிக்கவே இல்லை. பழையதையும் புதியதையும் வேர்டில் ‘கம்பேர்’ போட்டுப் பார்த்தால் 1,400 வார்த்தைக்கு மேல் மாறியிருந்தது.

வந்த எல்லாவற்றையும் மூன்றாகப் பிரித்தேன். என் பிழை என்றால் எப்போது சொன்னாலும் இலவசம். அவர்களுடைய விருப்பத்துக்காக நடையை மாற்றுவது முதல் சுற்றில் அடக்கம், அதற்குப் பிறகு மணிக் கணக்கு. ஆங்கிலமே மாறினால் அது புதிய வேலை, அதே வார்த்தை விலை, கூடுதல் நாள். கம்பேர் காட்டிய பக்கங்களைப் பில்லோடு இணைத்தேன். முணுமுணுத்தார்கள், ஆனால் கொடுத்தார்கள். கறார்ப் பேர்வழி என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அதனால் உங்கள் கடிதத்தில் ‘ஒரு சுற்று, எல்லோருடைய கருத்தும் ஒரே கோப்பில், ஒப்படைத்த பத்து நாளுக்குள்’ என்று போடுங்கள். பத்து நாள் தாண்டினால் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும் என்பதையும் சேருங்கள்.

அச்சுக்குப் போகிறது என்றால் இன்னொன்று. பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்வு செய்யாமல் தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பார்ப்பவர்கள் மொழிபெயர்ப்பாளரைத்தான் திட்டுவார்கள். வடிவமைத்த பிடிஎஃப்பைச் சரிபார்ப்பதற்குத் தனியாகப் பக்கத்துக்கு ஒரு விலை வையுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ‘மாதிரிக்கு’ என்று 800 வார்த்தையை இலவசமாகக் கேட்கிறார்கள். ஒரு முறை எனக்கும் நண்பர் ஒருவருக்கும் ஒரே அறிக்கையின் அடுத்தடுத்த பக்கங்கள் மாதிரியாக வந்தன. இருவருக்கும் வேலை வரவில்லை. மாதிரி கேட்டால் நான் 200 வார்த்தைக்கு மேல் செய்வதில்லை, அதுவும் பத்தியை நானே தேர்ந்தெடுப்பேன்.