தொல்லை கொடுப்பவன் ஒருவன், வகுப்பை விடுபவள் இன்னொருத்தி

பெண்கள் பாதுகாப்புன்னா ஏன் எல்லா அறிவுரையும் பெண்களுக்கே சொல்றாங்க? வேற வழி இல்லையா?

சொன்னால் கேட்கிற ஆளிடம்தான் எல்லோரும் சொல்வார்கள். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாயங்கால பஸ்ஸில் ஒருவன் உரசுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் யாரென்று வீட்டுக்குத் தெரியாது, மகளைத் தெரியும். அதனால் டைப்பிங் கிளாஸ் நிற்கிறது. அடுத்த பேச்சு கல்யாணம்! அவனோ மறுநாளும் அதே பஸ்ஸில் வருகிறான்.

கண்டக்டரும் பெரும்பாலும், "நீ முன்னாடி வந்து நில்லும்மா" என்பார். நல்ல மனசுதான், ஆனால் நகர்வது அவள்தானே.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தமிழ்நாட்டின் 1998 பெண்கள் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவர் புகார் சொன்னால் பஸ்ஸை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிப்போவது டிரைவர், கண்டக்டரின் கடமை. 2022இல் திருத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முறைத்துப் பார்ப்பவனையும் விசிலடிப்பவனையும் கண்டக்டர் எச்சரிக்கலாம், இறக்கிவிடலாம், போலீசில் ஒப்படைக்கலாம்.

ஆகவே கண்டக்டரிடம் "இடம் மாத்திக் குடுங்க" என்று கேட்காமல், "அவரை இறக்குங்க" என்று கேளுங்கள். மறுத்தால் பஸ் எண், நேரம், ஏறிய நிறுத்தம் மூன்றையும் குறித்து டெப்போ மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181. தனியாகப் போகத் தயங்கினால், அதே பஸ்ஸில் வருகிற நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். மகளை வீட்டில் நிறுத்துகிற அப்பா, ஒருநாள் அந்த டெப்போவுக்குப் போய் வரலாம்.