கப்பலுக்கு ஒரு கடிதம்: ‘பசியாறியாச்சா’வுக்கு அப்புறம் என்ன எழுதுவது?

கேள்வி: எனக்கு வயது 34. கிள்ளானில் இருக்கிறேன். கணவர் சரக்குக் கப்பலில் ஏபி எனப்படும் மாலுமி. இப்போது இரும்புத்தாது ஏற்ற பிரேசில் பக்கம் போயிருக்கிறார். பன்னிரண்டு–நாலு வாட்ச், அதாவது காவல் முறை. ஒன்பது மாத ஒப்பந்தத்தில் ஐந்து மாதம் முடிந்துவிட்டது. தினமும் “பசியாறியாச்சா?” என்று கேட்பேன், “ஆச்சு” என்பார். மிச்சமெல்லாம் கரண்ட் பில், மகளின் பள்ளி, கேட் ரிப்பேர். போன வாரம் மனசு தாங்காமல், “நீங்க இல்லாம வீடு வீடாவே இல்ல, எப்பத்தான் வருவீங்க?” என்று நீளமாக எழுதினேன். ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. சண்டை எதுவும் இல்லை. இருவரும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். நல்லபடியாக ஒரு தமிழ்க் கடிதம் எழுத ஆசை. மழை வந்தால் இருவரும் துணி எடுக்க ஓடுவது, மாமாக் கடையில் ஒரு தே தாரேவைப் பங்கு போட்டுக் குடிப்பது, வேலை முடிந்து வந்து கேட்டில் இரண்டு தடவை அவர் ஹார்ன் அடிப்பது எல்லாம் நினைவில் இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் புலம்பலாகிவிடுகிறது. எப்படி எழுதுவது?
– கிள்ளான் வாசகி

பதில்: அந்தக் கட்டைவிரலை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். “எப்ப வருவீங்க?” என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. மாற்று ஆள் கிடைக்க வேண்டும், ஆள் மாறத் தோதான துறைமுகத்துக்குக் கப்பல் போக வேண்டும், நிறுவனம் டிக்கெட் போட வேண்டும். மூன்றுமே அவர் கையில் இல்லை. “வீடு வீடாவே இல்ல” என்று நீங்கள் ஏக்கத்தில் எழுதியது, அங்கே கேபினில் தனியாகப் படிப்பவருக்கு “உங்களால்தான் இப்படி” என்று கேட்டிருக்கும். சரிசெய்யவும் முடியாது, பதில் சொல்லவும் முடியாது என்னும்போது பல ஆண்கள் கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள்.

இதற்கு மருந்தாக “எல்லாம் நல்லா போகுது, கவலைப்படாதீங்க” என்று எழுதிவிடாதீர்கள். அது இன்னொரு பக்கத்துப் பள்ளம். மாதக்கணக்கில் வீட்டை விட்டு இருப்பவருக்கு, தான் இல்லாமலேயே வீடு ஓடப் பழகிவிட்டது என்ற பயம் உள்ளே இருக்கும். உங்கள் கடிதம் இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்க வேண்டும். வீடு ஓடுகிறது, ஆனால் அதில் அவருடைய இடம் அப்படியே இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, காட்டத்தான் முடியும். நீங்கள் சொன்ன சின்ன நினைவுகள் அதற்குத்தான் உதவும்.

மூன்றையும் ஒரே கடிதத்தில் கொட்ட வேண்டாம். கொட்டினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிதான் கிடைக்கும். “மழையில ஓடுவோமே, டீ குடிப்போமே, ஹார்ன் அடிப்பீங்களே” என்று பட்டியலானதும் அது தானாகவே புலம்பல் ராகத்துக்குப் போய்விடும். முதல் கடிதத்துக்கு மழையும் துணியும் மட்டும் போதும்.

எழுதுவதற்கு முன் ஒரு பழைய நோட்டில் நாலு கேள்விக்குப் பதில் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணி இருக்கும்? கையில் என்ன இருந்தது? அவர் வழக்கமாக என்ன செய்வார், என்ன சொல்வார்? அதே இடத்தில் இந்த வாரம் என்ன நடந்தது? நாலாவது கேள்விதான் முக்கியம். அது இல்லாவிட்டால் கடிதம் பழைய ஆல்பத்தைப் புரட்டுவது போல் ஆகிவிடும். “அன்று” என்பதில் தொடங்கி “இன்று” என்பதற்கு வந்தால் ‘எல்லாம் போச்சே’ என்ற தொனி வரும். இன்று நடந்ததில் தொடங்கி, நடுவில் அவர் நுழைந்தால் அவர் இப்போதும் அந்த வீட்டில் நடமாடுகிற மாதிரி இருக்கும்.

உங்கள் குறிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு மாதிரிக்குக் கீழே எழுதிக் காட்டுகிறேன். விவரங்களை உங்கள் வீட்டுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

> கடிதம் 1. செவ்வாய், ராத்திரி 9:15
>
> என்னங்க,
>
> இன்னிக்குச் சாயங்காலம் நாலே முக்காலுக்கு மழை பிடிச்சுக்கிச்சு. நான் அடுப்புகிட்ட இருந்தேன். பாப்பாதான் முதல்ல கத்துனா, “அம்மா, துணி!”ன்னு. உங்க பழக்கம் அவளுக்கு அப்படியே வந்திருக்கு. கிளிப்பைக் கழட்டாம இழுக்குறா. உங்க நீலச் சட்டையில இருந்த கிளிப் ரெண்டா உடைஞ்சு, பாதி பக்கத்து வீட்டு வேலிக்குள்ள போயிடுச்சு. சட்டையை ஏன் துவைச்சேன்னு கேக்காதீங்க. அலமாரியில சும்மா இருந்தா பூஞ்சை பிடிக்குது, மாசத்துக்கு ஒரு தடவை அலசிப் போட்டுடறேன்.
>
> நாம ஓடும்போது போர்வை எப்பவும் உங்களுக்கு, சின்னத் துணியெல்லாம் எனக்கு. இன்னிக்கு அவ போர்வையை எடுத்தா. பாதி தரையில இழுபட்டுச்சு. திரும்பவும் அலசினேன். அவளுக்குப் பெருமை தாங்கல, “அப்பா வேலைய நான் பாத்தேன்”ன்னா. நான் சொன்னேன், அப்பா வர்ற வரைக்கும்தான் உனக்கு, வந்ததும் குடுத்துடணும்னு. யோசிச்சுட்டு சரின்னுட்டா.
>
> கூரைத் தகரத்துல மழை விழுற சத்தத்துக்கு உங்க ஞாபகம் வந்துச்சு. ரொம்பவே வந்துச்சு.
>
> ஒண்ணு கேக்கணும். போர்வையை மடிக்கும்போது எந்த மூலையை முதல்ல பிடிப்பீங்க? எனக்கு நேரா வர மாட்டேங்குது.

ஏக்கம் இதில் இரண்டே வரி. அதுவும் கடைசி வரி இல்லை. கடைசியில் இருப்பது அவர் ஒரே வரியில் பதில் போடக்கூடிய கேள்வி. வேலை முடிந்து களைத்து வருகிறவர், “உங்களுக்கும் என் ஞாபகம் வருதா?” என்ற கேள்விக்கு எழுத உட்காரமாட்டார். போர்வை மூலைக்கு எழுதுவார். அது அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயமும்கூட.

பேச்சுத் தமிழிலேயே எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். “அன்புள்ள கணவருக்கு, நலம் நலமறிய ஆவல்” என்று பள்ளிக்கூடக் கட்டுரைத் தமிழில் தொடங்கினால் உங்கள் குரல் அதில் இருக்காது. எழுதி முடித்ததும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நீங்கள் வீட்டில் பேசாத சொல் எங்கே வருகிறதோ அங்கே நாக்கு தட்டும். அதை மாற்றினால் போதும்.

கேட் ரிப்பேரை இதே கடிதத்தில் நுழைக்காதீர்கள். அதற்காக மறைக்கச் சொல்லவில்லை. அதைத் தனிச் செய்தியாக, “வீட்டு விஷயம்” என்று தலைப்புப் போட்டு அனுப்புங்கள். என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அவரிடமிருந்து என்ன வேண்டும் என்ற மூன்றும் இருந்தால் போதும். “கேட் மோட்டர் போச்சு. ஆள் வந்து பார்த்தாச்சு, 280 ரிங்கிட் சொன்னார், சரின்னுட்டேன். நீங்க எதுவும் செய்ய வேண்டாம்.” அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால், செய்வதற்கு ஒன்றுமில்லாத விஷயத்தை அவர் வாட்ச் முழுக்க மனதில் உருட்டிக்கொண்டிருப்பார். இரண்டையும் பிரித்து அனுப்பிப் பழகிவிட்டால், கடிதம் என்று வருவதை அவர் பயமில்லாமல் திறப்பார்.

அனுப்பும் நேரத்தையும் பார்க்க வேண்டும். கப்பல் பிரேசில் கரையோரம் இருக்கும்போது அங்கே நம்மைவிட 11 மணி நேரம் பின்னால். அவர் அங்கே நள்ளிரவு 12 முதல் 4 வரையும், பகல் 12 முதல் 4 வரையும் வாட்ச் நிற்கிறார். நீங்கள் படுக்கப் போகும் முன் இரவு 10:30க்கு அனுப்பினால் அங்கே காலை 11:30. சாப்பிட்டுவிட்டு மேலே ஏறப்போகிற நேரம். மழைக்கதை என்றால் பரவாயில்லை, சிரித்துக்கொண்டே ஏறுவார். மனதை அழுத்துகிற செய்தியாக இருந்தால் அதைச் சுமந்துகொண்டு நாலு மணி நேரம் நிற்க வேண்டும். அதனால் கனமான விஷயத்தைக் காலை 5, 6 மணிக்கு, மகளைப் பள்ளிக்குக் கிளப்பும் முன் அனுப்புங்கள். அங்கே மாலை 6, 7 ஆகியிருக்கும். வாட்ச் முடித்து, சாப்பிட்டு, படுக்கும் முன் கொஞ்சம் ஓய்வாக இருப்பார், தேவையென்றால் திரும்பக் கூப்பிடவும் முடியும். கப்பல் கிழக்கே திரும்பிவரும்போது கடிகாரத்தை ஒவ்வொரு மணியாக முன்னே தள்ளிக்கொண்டே வருவார்கள். ஆகவே “இன்னிக்கு ஷிப் டைம் என்ன?” என்று அவ்வப்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

நடுக்கடலில் இணையம் பல கப்பல்களில் அளந்துதான் கிடைக்கும். எழுத்து அதற்குத் தோது. 150 முதல் 200 தமிழ்ச் சொற்களில் ஒரு கடிதம் ஐந்தாறு கிலோபைட்தான் இருக்கும். போனில் எடுத்த ஒரு படம் அதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு. படம் சுற்றிக்கொண்டே நிற்கும் இடத்திலும் எழுத்து போய்ச் சேர்ந்துவிடும். அவருடைய சொந்தப் போனுக்கு அனுப்புவதே நல்லது. கப்பலின் பொது மின்னஞ்சல் வழியாக அனுப்பினால் மற்றவர் கண்ணில் படலாம், தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கட்டங்களாகத் தெரியவும் கூடும். வேறு வழியில்லை என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

மேலே “கடிதம் 1” என்று எண் போட்டது அழகுக்கு இல்லை. இணைப்பு விட்டு விட்டு வரும்போது செய்திகள் மொத்தமாக வந்து குவியும், இடையில் ஒன்று தவறினால் அவருக்கே எண்ணைப் பார்த்துத் தெரிந்துவிடும். வாரம் ஒன்று போதும், ஒரே கிழமையில். ஆர்வத்தில் தினமும் தொடங்கினால் சில வாரத்தில் சொல்ல ஒன்றும் இருக்காது. நீங்கள் நிறுத்திய நாளில் வீட்டில் என்னமோ ஆகிவிட்டது என்று அவர் நினைப்பார்.

இரண்டு மூன்று கடிதம் போயும் கட்டைவிரல்தான் வந்தால்? முதலில் பொறுங்கள். சிலர் பதில் எழுதமாட்டார்கள், பத்துத் தடவை படிப்பார்கள். போனில் பேசும்போது “அந்தக் கிளிப்பை எடுத்தியா?” என்று கேட்டால் கடிதம் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் அது கடிதத்தால் தீர்கிற விஷயமில்லை. “செத்துப்போகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் கேப்டனுக்கும் நிறுவனத்துக்கும் அன்றைக்கே தெரியப்படுத்துங்கள். ‘சீஃபேரர்ஹெல்ப்’ என்ற இலவச உதவிச் சேவை 24 மணி நேரமும் இயங்குகிறது, கடலோடிகளின் குடும்பத்தாரும் அதைக் கூப்பிடலாம்.

இரண்டாவது கடிதத்துக்கு தே தாரேவை எடுங்கள். இந்த ஞாயிறு மகளோடு அதே கடைக்குப் போய், அதே மேசையில் உட்கார்ந்துவிட்டு வந்து எழுதுங்கள். மேல்நுரை யாருக்கு என்று நீங்கள் இருவரும் அடித்துக்கொண்டிருந்தால், அன்றைக்கு முழு நுரையும் உங்களுக்கே கிடைத்தது என்றும், அவ்வளவாக ருசிக்கவில்லை என்றும் எழுதலாம். ஹார்ன் மூன்றாவதற்கு இருக்கட்டும்.