29ஆம் நாள் எம்ஆர்டி ரிப்போட்டை எப்பிடி வாசிக்கிறது

கேள்வி: அக்காவின்ர மகனுக்கு 6 வயசு, பி செல் ஏஎல்எல் எண்ட ரத்தப் புற்றுநோய், மகரகமவில மருந்து நடக்குது. முதல் மாச கீமோ முடிய 29ஆம் நாள் போன் மரோ பாத்திட்டு ரெமிஷன் வந்திட்டுது எண்டு சொன்னவை. ஆனா மிஞ்சின லுகேமியா செல்லைத் தேடுற எம்ஆர்டி டெஸ்ட் 0.08% எண்டு வந்திருக்காம், அதால இனி மருந்தைக் கூட்டப்போயினமாம். ரெமிஷன் எண்டா பிறகு ஏன் கூட்டோணும்? லாப்ல ஏதும் பிழைச்சிருக்குமோ?

பதில்:

நான் டொக்டர் இல்ல, கொழும்பில ஒரு லாப்ல ஃப்ளோ சைட்டோமீட்டர் மெஷினோட வேலை செய்யிற எம்எல்டி. எந்த மருந்து எவ்வளவு எண்டது பிள்ளையின்ர டொக்டரிட்டக் கேக்கவேண்டிய விஷயம். ஆனா அந்த 0.08 எங்கயிருந்து வருது, அதை எவ்வளவுக்கு நம்பலாம் எண்டது எங்கட பக்கத்து வேலை, அதைச் சொல்லுறன்.

ரெண்டு ரிப்போட்டும் சரியா இருக்கத்தான் கூடச் சான்ஸ். ரெமிஷன் எண்டது மைக்ரோஸ்கோப்பில பாத்துச் சொல்லுறது, மரோவை ஸ்லைட்ல பூசி நிறம் ஏத்தி ஒராள் இருந்து 200, 500 செல் கண்ணால எண்ணுவார், அதில பிளாஸ்ட் எண்ட முதிராத செல்லுகள் 5%க்குக் குறைவா இருந்து, நல்ல ரத்த செல்லுகளும் திரும்பி வரத் தொடங்கியிருந்தா ரெமிஷன். 5% எண்டா 20க்கு ஒண்டு. உங்கட பிள்ளையின்ர 0.08% எண்டா 1250க்கு ஒண்டு, 500 செல் எண்ணுறவர் ஒண்டைக்கூடக் காணாமப் போறதுதான் கூட நடக்கும். அப்பிடி ஒண்டு கண்ணில பட்டாலும் அது லுகேமியா செல்லோ இல்லாட்டி சாதாரணமா வளர்ற ஒரு சின்ன லிம்போசைட்டோ எண்டு உருவத்தை மட்டும் வச்சு ஆராலும் சொல்ல ஏலாது.

இன்னொரு கணக்கும் பாருங்கோ. நோய் பிடிபடுற நேரத்தில உடம்பில தோராயமா ஒரு லட்சம் கோடி லுகேமியா செல் இருக்கும் எண்டு சொல்லுவினம். அது 5%க்கு இறங்கினவுடன ஸ்லைட் ரெமிஷன் எண்டிடும், ஆனா உள்ளுக்கு இன்னும் 5000 கோடி அளவில நிக்கும். 0.08% எண்டா அது 80 கோடி. அதாவது ரெமிஷன் எண்ட ஒரு சொல்லுக்குள்ளயே 5000 கோடி இருக்கிற பிள்ளையும் இருக்கு, சில லட்சம் மட்டும் மிஞ்சின பிள்ளையும் இருக்கு, ஸ்லைட்டுக்கு ரெண்டு பேரும் ஒண்டுதான். அந்த வித்தியாசத்தைப் பாக்கத்தான் எம்ஆர்டி.

இனி எங்கட மெஷினில என்ன நடக்குது எண்டா, மரோ ஊதா மூடி டியூப்ல வரும், சிவப்பு செல்லுகளை உடைச்சுப் போட்டு மிச்ச செல்லுகளில ஒளிர்ற சாயம் பூட்டின ஆன்டிபொடிகளைச் சேர்ப்பம், அதுகள் செல்லின்ர மேல்பக்கத்தில இருக்கிற மார்க்கர் எண்ட புரதங்களில போய் ஒட்டும், சிடி19, சிடி10, சிடி34, சிடி45, சிடி20, சிடி38, சிடி58 இப்பிடி ஒவ்வொண்டுக்கும் ஒரு நிறம். பிறகு செல்லுகள் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா லேசர் வெளிச்சத்துக்குக் குறுக்கால ஓடும், ஒவ்வொரு செல்லிலயும் எந்த நிறம் எவ்வளவு எண்டு மெஷின் பதியும். நல்ல பி செல் ஒண்டு வளரேக்க இந்த மார்க்கர்களை ஒரு ஒழுங்கிலதான் ஏத்தி இறக்கும், ஸ்கிரீன்ல பாத்தா ஒரு பாதை மாதிரி தெரியும். லுகேமியா செல்லுக்கு அந்த ஒழுங்கு இல்ல, உதாரணத்துக்கு சிடி10ம் சிடி58ம் அளவுக்கு மிஞ்சிப் பிரகாசமா இருக்கும், சிடி38 மங்கலா இருக்கும், அப்ப அந்தக் கூட்டம் பாதையை விட்டு விலகி தனிய ஒரு மூலையில நிக்கும். பிரேமதாச கிரவுண்டில ஒரு 35,000 சனம் நிரம்பி இருக்கேக்க பிழையான நிற ஷேர்ட் போட்ட 28 பேரைத் தேடிப் பிடிக்கிறதுதான் 0.08%. 0.01% எண்டா மூண்டு நாலு பேர்.

எத்தின செல்லை எண்ணினது எண்டது இதில பெரிய விஷயம், ஆனா ரிப்போட்டில அதை ஒருத்தரும் வாசிக்கிறேல்ல. ஒரே மாதிரி 20 செல்லாவது ஒரு கூட்டமாத் தெரிஞ்சாத்தான் இருக்குது எண்டு சொல்லுவம், 50 இருந்தாத்தான் நம்பர் போட்டு எழுதுவம். 0.01% எண்ட அளவில 50 செல் கிடைக்கோணும் எண்டா மொத்தம் 5 லட்சம் எண்ணவேணும். பிள்ளையின்ர சாம்பிளில 10 லட்சம் எண்ணியிருந்தா 0.08% எண்டா 800 செல், அது ஒண்டு ரெண்டு சந்தேகச் செல்லை வச்சு எழுதின ரிப்போட் இல்ல. ஆனா ஒரு சாம்பிளில மொத்தமே 50,000 செல்தான் கிடைச்சிருந்து நெகட்டிவ் எண்டு வந்திருந்தா எனக்கு அதில நம்பிக்கை வராது, ஏனெண்டா 0.01% இருந்திருந்தாலும் அஞ்சு செல்தான் வந்திருக்கும், அதை நாங்கள் இருக்குது எண்டு சொல்லவே மாட்டம். அதால ரிப்போட்டில மொத்தம் எத்தின செல், எது வரைக்கும் கண்டுபிடிக்கும் எண்டு ஒரு வரி இருக்கும், அதைக் கட்டாயம் பாருங்கோ.

பிழைக்கிறதைப் பற்றிக் கேட்டனீங்கள். பிழைக்கும்தான், ஆனா 29ஆம் நாளில பிழை கூடுதலா நம்பரை இறக்குற பக்கம்தான் போகும். முக்கிய காரணம் ரத்தம் கலக்கிறது. ஊசி போட்டு முதலாவதா இழுக்கிற ஒண்டு ரெண்டு எம்எல்லிலதான் உண்மையான மரோ வரும், பிறகு இழுக்க இழுக்க சுத்தியிருக்கிற ரத்தம் வந்து சேரும். முதல் இழுவையை ஸ்லைட்டுக்கும் மற்ற டெஸ்ட்டுகளுக்கும் குடுத்திட்டு கடைசியா மிஞ்சினதை எம்ஆர்டி டியூப்ல விட்டா 0.08% ஆ இருக்கவேண்டியது 0.02% எண்டோ நெகட்டிவ் எண்டோ வரலாம். எங்களுக்கு இது விளங்கும், முதிர்ந்த நியூட்ரோபில்தான் நிறைஞ்சு கிடக்கும், மரோவில மட்டும் இருக்கிற இளம் சிவப்பு செல்லுகளும் மாஸ்ட் செல்லுகளும் காணக்கிடைக்காது. ஒருக்கா ஒரு ஆஸ்பத்திரியில இருந்து இப்பிடி ஒண்டு வந்தது, லுகேமியா செல் ஒண்டும் இல்ல, ஆனா மரோ செல்லும் இல்ல, நெகட்டிவ் எண்டு எழுதாம ரத்தம் கலந்திருக்கு, திரும்ப எடுத்து அனுப்புங்கோ எண்டுதான் எழுதி அனுப்பினம். தாய் தகப்பனுக்கு அது கோவம் வரத்தான் செய்யும், பிள்ளைக்குத் திரும்பவும் ஊசி எல்லோ.

எதிர்ப்பக்கமா நம்பர் கூடிக் காட்டுறதுக்கும் ஒரு வழி இருக்கு. கீமோவுக்குப் பிறகு மரோ தளிர்க்கேக்க நல்ல இளம் பி செல்லுகள், ஹீமட்டோகோன் எண்டு சொல்லுவம், கூட்டமா வரும், அதுகளிலயும் சிடி19, சிடி10 இருக்கிறதால அனுபவம் இல்லாத கண்ணுக்கு லுகேமியா மாதிரி விளங்கும். ஆனா ஸ்டீரொய்ட் குடுத்து முடியிற முதல் மாசக் கடைசியில அதுகள் மரோவில இல்லாத மாதிரித்தான், பிந்தி எடுக்கிற டெஸ்ட்டுகளிலதான் இந்தக் குழப்பம் கூட. அதால 29ஆம் நாளில வந்த 0.08%ஐ அப்பிடி ஒரு மயக்கம் எண்டு தள்ளி விட எனக்கு மனம் வராது.

சரி, அப்ப ஏன் மருந்தைக் கூட்டுறது. 0.08% எண்டது மிஞ்சின செல்லின்ர கணக்கு மட்டும் இல்ல, இந்தப் பிள்ளையின்ர லுகேமியா இந்த மருந்துகளுக்கு எவ்வளவு கெதியா விழுந்தது எண்டதையும் அது காட்டுது. இங்கிலாந்துப் பக்கம் யுகேஏஎல்எல் 2003 எண்டு ஒரு பெரிய ட்ரயல் நடந்தது, உங்கட கேள்விக்கு நேரா அதில பதில் இருக்கு. முதல் மாசம் முடிய எம்ஆர்டி 0.01%க்கும் அதுக்கு மேலயும் நிண்ட பிள்ளைகளை ரெண்டாப் பிரிச்சு ஒரு பகுதிக்கு வழமையான மருந்து, மற்றப் பகுதிக்குக் கூட்டின மருந்து குடுத்தவை. 5 வருஷம் பாக்க நோய் திரும்பாம, வேற விபரீதமும் இல்லாம இருந்தவை வழமையான மருந்தில 82.8%, கூட்டினதில 89.6%. உயிரோட இருந்தவையின்ர கணக்கில வித்தியாசம் அவ்வளவு தெளிவா வரேல்ல, ஆனா நோய் திரும்பி வந்தா திரும்பவும் கடுமையான கீமோ, சில நேரம் மரோ மாற்று எண்டு போறதை நினைச்சா அந்த வித்தியாசம் சின்னன் இல்ல. கூட்டினது எண்டா அஸ்பராஜினேஸ் 8 டோஸ், வின்கிறிஸ்டின் 18 டோஸ் மேலதிகமா, மெதோட்ரெக்ஸேட்டும் படிப்படியா ஏத்தி. அதுக்குரிய விலையும் இருந்தது, அலர்ஜி, கணையத்தில அழற்சி, வாய்ப்புண் எல்லாம் கூடத்தான்.

அதே ட்ரயலில எம்ஆர்டி பிடிபடாத பிள்ளைகளுக்கு நடுவில வாற ரெண்டு கடுமையான கோர்ஸில ஒண்டைக் குறைச்சுப் பாத்தவை, 94.4%, குறைக்காத பிள்ளைகளில 95.5%, வித்தியாசம் எண்டு சொல்ல ஒண்டும் இல்ல. ஒரே டெஸ்ட்டை வச்சு ஒரு பக்கம் மருந்தைக் கூட்டி, மற்றப் பக்கம் குறைச்சிருக்கினம், எனக்கு இந்த ட்ரயலில பிடிச்சதே அதுதான். இன்னொண்டும் கவனியுங்கோ, அந்த நெகட்டிவ் பிள்ளைகளிலயும் 20க்கு ஒண்டு அளவில ஏதோ பிரச்சினை வந்திருக்கு. நெகட்டிவ் எண்டா பூச்சியம் இல்ல, எங்கட கண்ணுக்கு எட்டாத அளவு எண்டுதான் அர்த்தம், அதோட மரோவில எடுத்த சாம்பிள் மூளைத் தண்ணியில என்ன இருக்கு எண்டு சொல்லாது. உங்கட பிள்ளைப் பக்கம் பாத்தா, மருந்தைக் கூட்டாமலே 82.8% பிள்ளைகள் நல்லா இருந்திருக்கினம், அதால 0.08% எண்டா நோய் திரும்பி வந்திட்டுது எண்டு தயவுசெய்து வீட்டில ஒருத்தரும் கதைக்காதேங்கோ.

அந்த ட்ரயலில அளந்தது பிசிஆர் முறையில. லுகேமியா செல்லின்ர ஆன்டிபொடி ஜீன்ல ஒவ்வொரு நோயாளிக்கும் தனியான ஒரு வெட்டு ஒட்டு இருக்கும், முதல் சாம்பிளில அதைக் கண்டுபிடிச்சு வச்சு பிறகு அதையே தேடுறது. இன்னும் நுணுக்கமாப் பிடிக்கும், ஆனா ஆயத்தம் செய்யவே கிழமைக்கணக்கா எடுக்கும், எங்கட மெஷின் அடுத்த நாளே சொல்லிடும். 0.01% எண்ட கோட்டில ரெண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும், ஆனா ஒருக்கா ஃப்ளோவில, மற்றத்தரம் பிசிஆரில எண்டு மாத்தி மாத்தி எடுத்து நம்பரை ஒப்பிட்டா குழம்பிப் போவீங்கள். ஒரே முறையில, ஏலுமெண்டா ஒரே லாப்ல பாக்கிறது நல்லம்.

இனி அடுத்த மரோ எடுக்கிற நாளுக்குக் கேக்கவேண்டியது. நோய் பிடிபட்ட நேரத்து ஃப்ளோ ரிப்போட் லாப்புக்குப் போச்சுதோ எண்டு கேளுங்கோ, முதல்ல வேற ஊர் ஆஸ்பத்திரியில காட்டியிருந்தா அந்தக் கடதாசியைக் கையோட கொண்டு போங்கோ, அந்தச் செல்லின்ர பழைய முகம் தெரியாட்டி நாங்கள் குருட்டுக் கணக்கில தேடோணும். முதல் இழுவை எம்ஆர்டி டியூப்புக்குத்தானே எண்டு பணிவாக் கேளுங்கோ, ஒருத்தரும் குறை நினைக்க மாட்டினம். ஜீன் ரிப்போட்டில என்ன வந்தது எண்டும் டொக்டரிட்ட விசாரியுங்கோ, ஒரே 0.08% எல்லா வகை ஏஎல்எல்லுக்கும் ஒரே பாரம் இல்ல. நம்பர் இறங்காமலே நிண்டா பிளினாட்டுமொமாப் எண்ட மருந்தைப் பற்றிக் கதைக்கக்கூடும், அமெரிக்காவில 2018இல ரெமிஷனில இருந்தும் எம்ஆர்டி 0.1%க்குக் குறையாதவைக்கு எண்டே அனுமதி குடுத்தது, விலை நல்லாக் கூட. அது சிடி19ஐப் பிடிச்சுத்தான் வேலை செய்யிறது, அதால அதைக் குடுத்த பிறகு சில லுகேமியா செல்லுகள் சிடி19ஐ ஒளிச்சிடும், சிடி19ஐ வச்சுத் தேடுற எங்களுக்கும் அதுகள் தெரியாமப் போகும். அப்பிடி ஒரு மருந்து குடுத்திருந்தா சாம்பிளோட வாற ஃபோர்ம்ல அதைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கோ.