கிண்டலா, வெறுப்பா? ‘நீ’ எங்கே ‘இவர்கள்’ ஆகிறது என்று பாருங்கள்

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் வாசகர் வட்டம் நடத்திய நையாண்டிக் கவிதைப் போட்டிக்கு நானும் ஒரு நடுவர். கீழே உள்ளதை நான் செல்லக் கிண்டல் என்கிறேன். இன்னொரு நடுவர் அப்பட்டமான வெறுப்பு என்கிறார். யார் சொல்வது சரி?

குளிர்தேடி மலையேறி வந்தாய்,
வந்ததும் ஹீட்டர் எங்கே என்றாய்;
வர்க்கியில் ஆறு பாக்கெட் வாங்கினாய்,
மூடுபனி பார்சல் கிடைக்குமா என்றாய்.
குப்பை போடத்தான் வருகிறார்கள் இவர்கள்;
குரங்கு திருந்தும், இவர்கள் திருந்துவதில்லை.

பதில்: நீங்கள் முதல் நான்கு வரியைப் படித்திருக்கிறீர்கள், அவர் கடைசி இரண்டு வரியைப் படித்திருக்கிறார்.

காளமேகத்தின் பெயரில் வழங்கும் பழைய வெண்பா ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவரின் சத்திரத்தில் சாப்பாடு வர நேரமானதாம்.

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் - குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்

பொழுது சாயும்போது அரிசி வரும், உலையில் போடும்போது ஊர் தூங்கிவிடும், ஒரு அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும். பசித்தவனின் கோபம்தான். ஆனால் திட்டு வாங்குவது தாமதம், காத்தானின் பிறவிக் குணம் அல்ல. மிகைப்படுத்தலும் யாரும் நம்ப முடியாத அளவுக்குப் போவதால் காத்தானே சிரித்துவிடலாம். இதையே புகழாகவும் மாற்றிப் பொருள் சொல்வார்கள்: அரிசி மூட்டை மூட்டையாக வரும், ஊரின் பசி அடங்கும், சோற்றின் வெண்மை வெள்ளி எழுந்ததுபோல் இருக்கும். கேலிக்கு ஆளானவர் வெளியேற ஒரு கதவு திறந்தே இருக்கிறது.

இதன் பக்கத்தில் பாரதியின் ‘நடிப்புச் சுதேசிக’ளை வையுங்கள்.

கண்கள் இரண்டிருந்தும் காணுந் திறமையற்ற
பெண்களின் கூட்டமடீ - கிளியே
பேசிப் பயனென்னடீ

‘பெண்கள்’ என்பதையே வசைச்சொல்லாக்கியிருப்பதால் மட்டும் இது கசப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். பாசத்தில் திட்டுகிறவர்களும் வசைச்சொல்லைத்தான் எடுக்கிறார்கள். பாரதி யாரிடம் பேசுகிறார் என்று கவனியுங்கள். கிளியிடம். அந்தச் சுதேசிகள் காதில் விழட்டும் என்றுதான் பாடுகிறார், ஆனால் முகத்தை அவர்களிடமிருந்து திருப்பிக்கொண்டார். குற்றமும் ஒருநாள் செய்த செயலில் இல்லை, பார்வையிலேயே இருக்கிறது. ‘பேசிப் பயனென்ன’ என்றதும் கதவும் சாத்தியாகிவிட்டது. இத்தனைக்கும் பாட்டின் தலைப்போடு ‘பழித்தறிவுறுத்தல்’ என்ற குறிப்பும் உண்டு. அறிவுறுத்தும் நோக்கம் இருந்தாலும் தொனி இகழ்ச்சியாக இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இப்போது உங்கள் கவிதை. ஹீட்டர் கேட்டது ஒரு செயல், அதுவும் நம் எல்லோருக்கும் உள்ள பலவீனம். (குன்னூரில் முதல் டிசம்பரில் நானும் கேட்டேன்.) மூடுபனியை யாரும் பார்சல் கட்ட முடியாது, அது காத்தான் சத்திரத்து வெள்ளி மாதிரி. ஐந்தாம் வரியில் ‘நீ’ காணாமல் போய் ‘இவர்கள்’ வருகிறது. ‘போடத்தான்’ என்பதிலுள்ள ‘தான்’ பிழையை நோக்கமாக்குகிறது. ‘திருந்துவதில்லை’ என்பது நேற்றைய நடத்தையைப் பிறவிக் குணமாக்குகிறது. குப்பை போடுவது மிகையும் இல்லை, சீசனில் கண்ணால் காண்பதுதான். அதனால் சிரித்துத் தப்பிக்க இடமில்லை.

சந்தேகமிருந்தால் எல்லா வரிகளையும் ‘நாம்’ என்று மாற்றி வாய்விட்டுப் படியுங்கள். ‘வந்ததும் ஹீட்டர் எங்கே என்றோம்’ அப்படியே நிற்கிறது, சிரிப்பும் போகவில்லை. ‘குரங்கு திருந்தும், நாம் திருந்துவதில்லை’ என்றால் வரி வேறு கவிதையாகிவிடுகிறது, கசப்பு வருத்தமாகிறது. சொல்பவரையும் உள்ளே சேர்த்ததும் எந்த வரியின் குணம் மாறுகிறதோ, அந்த வரி மேலே நின்றுகொண்டு சொன்னது.

‘நீ’ என்றாலே பாசம், ‘இவர்கள்’ என்றாலே வெறுப்பு என்று சூத்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காத்தான் வெண்பாவில் ‘நீ’ கிடையாது. ‘வாங்க மகராசா’ என்று மரியாதையாகவே குத்துகிறவர்களும் உண்டு. பிரதிப்பெயர் மாறும் இடம், எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று காட்டும் கைகாட்டி மட்டும்தான்.

சரி, மதிப்பெண்? கடைசி வரிதான் வாசகரோடு வீட்டுக்குப் போகிறது. அதனால் முடிவான தொனி இகழ்ச்சி என்ற அளவில் அந்த நடுவர் பக்கம் நிற்கிறேன். ஆனால் வெறுப்பு என்பதற்காகக் குறைக்காதீர்கள். நையாண்டிக்கு அந்த உரிமை உண்டு. கிண்டலாகத் தொடங்கி கோபமாக முடிவது தேர்ந்த வேலையாகவும் இருக்கலாம். அதற்கு முன்வரிகளில் ஒரு பொறியாவது வேண்டும். இங்கே வர்க்கி பாக்கெட் ஆறும் கையிலேயே இருந்தன. காலி உறைகள் எங்கே போயின என்று ஒரு வரி சொல்லியிருந்தால் கோபம் தானாக வளர்ந்திருக்கும். அதைச் செய்யாமல் நேராகக் குரங்குக்குத் தாவியதற்குத்தான் நான் மதிப்பெண் குறைப்பேன்.